வெல்லம்பிட்டியில் வெள்ளத்துக்கு முன்: ஒரு குழாய், மூன்று தையல் மெஷின், ஒரு மாடி அறை

வெல்லம்பிட்டியில் எங்கள் லேனுக்குள் தண்ணீர் ஆற்றுப் பக்கமாக வருவதில்லை. கானுக்குள்ளிருந்துதான் வரும். களனி கங்கை நிறைந்துவிட்டால் கொலன்னாவப் பக்கத்து வாய்க்கால்கள் அதில் போய் விழ முடியாமல் நிற்கும், அப்புறம் பின்னோக்கித் தள்ளும். முதலில் கான் மூடியின் இடுக்கில் குமிழி வரும். பிறகு பாத்ரூம் குழியிலிருந்து கலங்கல் எழும். வீதியில் தண்ணீர் தெரிவதற்கு முன்பே வீட்டுக்குள் தெரிந்துவிடும். 2016 மே மாதமும் இப்படித்தான் வந்தது, 2025 நவம்பரில் டித்வா புயலோடும் இப்படித்தான் வந்தது.

நான் மோட்டார் வைண்டிங் வேலை செய்கிறவன். தண்ணீர் குடித்த மோட்டார், பிரிட்ஜ், பம்ப் எல்லாம் 2016க்குப் பிறகு நிறையத் திறந்து பார்த்திருக்கிறேன். எது நனைந்தாலும் மீளும், எது நனைந்த அன்றே செத்துப்போகும் என்று ஓரளவுக்குத் தெரியும். அதனால் இந்த முறை ஆறு ஏறத் தொடங்கியதும், எதைத் தூக்குவது, எதை விடுவது என்று லேனில் பேச்சு வந்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். நாங்கள் என்ன செய்தோம், பிறகு எது எப்படி இருந்தது என்பதை எழுதி வைக்கிறேன். களனிக் கரையில் இருக்கிற யாருக்கும் அடுத்த முறை உதவும்.

முதலில் ஆற்றைப் பார்ப்பது பற்றி. நீர்ப்பாசனத் திணைக்களம் கொழும்புக்குச் சொல்லும் அளவு நாகலகம் வீதி அளவுகோல். அங்கே 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம். ஆனால் அந்த அளவை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால் பிந்திவிடும். கொழும்பில் பெய்கிற மழை இந்த ஆற்றை நிரப்புவதில்லை. மஸ்கெலியா, நோர்வூட், கித்துல்கல மலைப்பக்கம் பெய்வதுதான் கீழே இறங்கி வருகிறது. ஆகவே மேலே கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல அளவுகளைப் பார்க்க வேண்டும். ஹங்வெல்லவில் வேகமாக ஏறிக்கொண்டிருந்தால், நமது தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் நமக்கு வெள்ளம் உண்டு. இந்த முறை இதுதான் பலரை ஏமாற்றியது. எங்கள் பக்கம் மழை ஓரளவு விட்டதும், “இனி இறங்கும்” என்று சிலர் கட்டில் மேல் வைத்த சாமானைத் திரும்பக் கீழே இறக்கினார்கள். ஆறு அதற்குப் பிறகுதான் நன்றாக ஏறியது.

சரி, ஆறு ஏறும் என்று தெரிந்தாயிற்று. என் வீட்டுக்குள் எத்தனை அடி வரும்? அதை நாகலகம் வீதியின் எண் சொல்லாது. எங்கள் லேன் பார்வைக்குச் சமமாக இருக்கும், ஆனால் வாய்க்கால் பக்கம் போகப் போகத் தாழ்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு வீட்டுத் தரையும் ஒவ்வொரு உயரம். முகப்பில் கடை வைத்திருக்கும் நானாவின் சுவரில் 2016 வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது. அவர் அதன் மேல் ஆணியால் கீறி வைத்திருந்தார். மற்ற வீடுகளில் பெயின்ட் அடித்து, டைல் போட்டு அந்தக் கறை எல்லாம் போய்விட்டது. “எங்க வீட்டில முழங்காலுக்கு மேல இருந்தது”, “இல்லை, இடுப்பு வரைக்கும்” என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாருடைய முழங்கால், எந்தத் தரையிலிருந்து என்று கேட்டால் பதில் இல்லை. தரையையும் சிலர் பிறகு உயர்த்தியிருந்தார்கள்.

அதனால் நானா சுவரில் இருந்த அந்தக் கீறலை எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோக முடிவு செய்தோம். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மேசன் பாஸ்மார் மட்டம் பார்க்கிற அதே கண்ணாடிக் குழாய் போதும். விரல் மொத்தத்தில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய். எங்களிடம் இருந்தது 15 மீட்டர் வரும். அதில் தண்ணீரை நிரப்பி, கொஞ்சம் துணிக்கு நீலம் போடுகிறதைக் கரைத்தால் மட்டம் பளிச்சென்று தெரியும்.

நிரப்பும்போது ஒரு விஷயத்தில் பொறுமை வேண்டும். வாளியை உயரத்தில் வைத்து, குழாயின் ஒரு முனையை அதில் மூழ்கவிட்டு, மறுமுனையை வாயால் இழுத்துத் தண்ணீரை ஓடவிட வேண்டும். நேராகப் பைப்பில் பிடித்தால் காற்றுக் குமிழி உள்ளே நிற்கும். ஒரு குமிழி நின்றாலும் மட்டம் இரண்டு மூன்று அங்குலம் பொய் சொல்லும். குமிழி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியே விடவேண்டும்.

பிறகு வேலை எளிது. நானாவின் மகள் ஒரு முனையைக் கீறலோடு சேர்த்துப் பிடித்தாள். நான் மறுமுனையை அடுத்த வீட்டுச் சுவரில் பிடித்தேன். தண்ணீர் ஆடி அடங்கும் வரைக்கும் நின்று, அவள் பக்கத்துத் தண்ணீர் சரியாகக் கீறலில் நிற்கும்படி ஏற்றி இறக்கி, “சரி மாமா” என்றதும் என் பக்கத்துத் தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு. அந்தக் கோட்டிலிருந்து அடுத்த வீடு. குழாய் எட்டுகிற தூரம் தூரமாக லேனின் கடைசி வரைக்கும் போய், அங்கிருந்து எதிர்ப்பக்கச் சுவர்கள் வழியாகத் திரும்பி நானாவின் கடைக்கே வந்தோம். இந்தத் திரும்பி வருதல் முக்கியம். ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் கொஞ்சம் பிழை சேரும். திரும்பி வந்த கோடு பழைய கீறலிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ அதுதான் மொத்தப் பிழை. எங்களுக்கு ஒரு விரல் அகலம் வந்தது. வெள்ளத்துக்கு அது போதும்.

இந்த வழி எங்களுக்குச் சரிவரக் காரணம், லேனுக்குள் தேங்குகிற தண்ணீர் ஏறக்குறைய ஆடாமல் நிற்கிறது. நிற்கிற தண்ணீருக்கு மட்டம் ஒன்றுதான். ஆற்றங்கரையிலேயே, தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் இருப்பவர்கள் இதை நம்பக் கூடாது. அங்கே மேல்பக்க வீட்டுக்கும் கீழ்ப்பக்க வீட்டுக்கும் மட்டம் வேறுபடும்.

கோடு போட்டு முடிந்ததும் நாடாவை வைத்துத் தரையிலிருந்து அளந்தோம். நானா வீட்டுக் கீழ்த்தளத்தில் 1 அடி 10 அங்குலம். மாமி வீட்டில் 2 அடி 4. தையல்கார அக்கா வீட்டில் 3 அடி 2. கடைசியில், வாய்க்கால் பக்கம் இருக்கிற த்ரீவீல் அண்ணன் வீட்டில் 4 அடி. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு அடி கூட்டி இரண்டாவது கோடு போட்டோம். 2016ஐத் தாண்டக் கூடாது என்று ஆற்றுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. 1989இல் நாகலகம் வீதியில் 2016ஐ விட அதிகம் போயிருக்கிறது.

கடைசி வீட்டு அண்ணன் அந்த 5 அடிக் கோட்டைப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சிங்களத்தில் மனைவியைக் கூப்பிட்டு, பிள்ளைகளையும் தாயாரையும் த்ரீவீலரில் ஏற்றி மேட்டுப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். வண்டியையும் அங்கேயே நிறுத்திவிட்டார். அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் முடிவு. சாமானைப் பற்றி அவர் அதன் பிறகுதான் யோசித்தார், அதுவும் எங்கள் எல்லாருடைய சாமானையும் தூக்கிக்கொண்டே.

லேனில் மாடி இருப்பது நானா வீட்டில் மட்டும். மேலே ஒரே அறை, 10க்கு 12. அதில் நானாவின் குடும்பமும், போகமாட்டேன் என்கிற மாமியும் படுக்க இடம் வேண்டும். மிச்சமிருப்பது அரைவாசி. படி குறுகல், திரும்பும் இடத்தில் பெரிய அலுமாரி எதுவும் போகாது. நானா, “முதல்ல எல்லாரும் சொல்லுங்க, எது முக்கியம்னு. பிறகு பார்ப்போம்” என்றார். எல்லாரும் விலையைத்தான் சொன்னார்கள். 55 அங்குல டீவி, தேக்கு அலுமாரி, புது சோபா.

விலையை வைத்துப் பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னேன். நனைந்தால் அது திரும்ப எழும்புமா, எழும்பாவிட்டால் காசு கொடுத்து வாங்க முடியுமா, அது இல்லாமல் அடுத்த வாரம் வீட்டில் அடுப்பு எரியுமா, இதைத்தான் பார்க்கவேண்டும். இப்படிப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. தேக்கு அலுமாரி நனைந்தால் ஒன்றும் ஆகாது. கழுவி, நிழலில் வைத்து, கதவைத் திறந்துவிட்டு மெதுவாகக் காயவைத்தால் போதும். வெயிலில் வைத்தால்தான் வெடிக்கும். ஆனால் டீவி வைக்கிற சிப்போட் ஸ்டாண்ட் ஓர் இரவு நனைந்தாலே ஊதிப்போய் ஸ்குரூ பிடிக்காது. அதைத் தூக்குவதும் வீண், விட்டுவிடலாம், அதன் விலை அவ்வளவுதான். சோபாவும் அப்படித்தான். கானுத் தண்ணீர் ஊறிய பஞ்சை எவ்வளவு கழுவினாலும் வீட்டுக்குள் வைக்க முடியாது, ஆனால் சோபாவுக்காக மாடியில் இரண்டு பேர் படுக்கிற இடத்தைக் கொடுக்கவும் முடியாது. டீவி மெல்லியது, சுவரோடு சாய்த்து நிறுத்தலாம் என்பதால் போயிற்று.

மாமி கையில் முதலில் இருந்தது காணி உறுதி. அதைப் பொலித்தீனில் சுற்றிப் பிளவுஸுக்குள் வைத்திருந்தார். உறுதி தொலைந்தாலும் காணிப் பதிவகத்தில் அதன் பிரதி இருக்கிறது, நொத்தாரிசிடமும் ஒன்று இருக்கும், பிறப்புச் சான்றிதழையும் பிரதேச செயலகத்தில் திரும்ப எடுக்கலாம் என்று சொன்னேன். “அப்ப எதைத்தான் மகன் எடுக்கிறது?” என்று கேட்டார். “கல்யாண அல்பம் எங்கே?” என்றேன். அது கட்டிலுக்குக் கீழே சூட்கேஸில், தரையோடு இருந்தது. அவருடைய கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். அந்தப் படங்களுக்கு எங்கேயும் பிரதி இல்லை. பழைய ஒட்டுப் பக்க அல்பம் நனைந்தால் படத்தின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வரும், பிரிக்க முடியாது. அந்தச் சூட்கேஸ்தான் மாடிக்கு முதலில் ஏறியது. உறுதி மாமியிடமே இருந்தது.

மாமியோடு ஒரு வாக்குவாதமும் இருந்தது. 2016இல் அவர் மேசை மேல் வைத்ததெல்லாம் தப்பியது, அதனால் இப்போதும் மேசை போதும் என்றார். மேசை 2 அடி 6. பழைய கோடு 2 அடி 4. போன முறை இரண்டே அங்குலத்தில் தப்பியிருக்கிறது. கோட்டை மேசைக்குப் பக்கத்தில் காட்டியதும் அவரே, “லிண்டல் தட்டுக்கு ஏத்துங்க” என்றார். அரிசி, துணிமணி, சாமிப் படங்கள் எல்லாம் ஜன்னலுக்கு மேலே இருக்கிற சீமெந்துத் தட்டுக்குப் போயின. இந்த இடத்தில்தான் குழாய் வேலையின் அருமை எனக்கு நன்றாகத் தெரிந்தது. பேசிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

நானாவின் மகளுக்கு உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். மிச்சப் பாடங்களைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். அவளுடைய நோட்ஸ் எல்லாம் ஜெல் பேனாவில் எழுதியது. அந்த மை தண்ணீர் பட்டால் கரைந்து போகும். பாடப் புத்தகத்தைக் கீழே விட்டாள், நோட்ஸ் கட்டு மேலே போயிற்று. அவளாகவே பிரித்தது அது.

தையல்கார அக்கா வீட்டில்தான் அதிக நேரம் போனது. இரண்டு ஜூக்கி, ஒரு ஓவர்லொக். பீஸ் கணக்குக்குத் தைத்துக் கொடுக்கிறவர், மூன்று மெஷினும் நின்றால் வருமானம் நின்றுவிடும். முழு மெஷினாக மேசையோடு தூக்க நாலு பேர் வேண்டும், படியில் திரும்பவும் திரும்பாது. ஆனால் அப்படித் தூக்கத் தேவையில்லை. தொழிற்சாலைத் தையல் மெஷினில் மேசை, தலை, மோட்டார் மூன்றும் தனித்தனி. மேசையும் இரும்புக் காலும் நனையட்டும்.

தலையைக் கழற்ற ஸ்பானர்கூட வேண்டாம். கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, நூல் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பெல்டைப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்று வரும். முழங்காலால் அழுத்துகிற கம்பியை இழுத்து எடுக்க வேண்டும். அப்புறம் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்தால், அது இரண்டு கீலில்தான் உட்கார்ந்திருப்பது தெரியும். அப்படியே மேலே தூக்கினால் வந்துவிடும். ஏறக்குறைய 30 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம். தூக்குமுன் கீழே இருக்கிற எண்ணெய்த் தட்டிலிருந்து எண்ணெயைப் போத்தலில் ஊற்றி வைத்தோம். இல்லாவிட்டால் வெள்ளம் அந்த எண்ணெயை வீடு முழுக்கப் பரப்பிவிடும், சுவரில் ஏறிய எண்ணெய்க் கறை பிறகு பெயின்டையும் பிடிக்க விடாது.

மோட்டார் மேசைக்குக் கீழே மூன்று போல்டில் தொங்கும். மேசையிலேயே தாழ்வான சாமான் அதுதான், ஆகவே முதலில் நனைவதும் அதுதான். ஒரு ஜூக்கிக்கு அக்கா புது சர்வோ மோட்டார் போட்டிருந்தார். அதற்குள் எலெக்ட்ரோனிக் போர்ட் இருப்பதால் நனைந்தால் மீள்வது கஷ்டம், முதலில் அதைக் கழற்றினோம். ஓவர்லொக்கின் மோட்டாரும் வந்தது. மற்ற ஜூக்கியில் இருந்தது பழைய கிளச் மோட்டார். அதன் ஒரு போல்ட் துருவேறி இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டோம், தட்டினோம், அசையவில்லை. வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

அக்கா, “வெட்டி எடுக்கலாமா தம்பி?” என்று கேட்டார். வெட்ட கிரைண்டர் வேண்டும், கிரைண்டருக்குக் கரண்ட் வேண்டும். வாசலில் தண்ணீர் வந்துவிட்ட வீட்டில் ஈரக் கையோடு கிரைண்டர் பிடிக்க நான் தயாரில்லை. கிளச் மோட்டாருக்குள் செம்புக் கம்பியும் இரும்பும்தான், போர்ட் ஒன்றும் இல்லை. கரண்ட் போடாமல் நனைந்த மோட்டார் பெரும்பாலும் மீளும் என்று சொன்னேன். அதை அப்படியே விட்டோம்.

நேரத்தை எப்படிக் கணக்குப் பார்த்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். லேன் முகப்பில் ஒரு பலகையை நட்டு, தண்ணீர் நிற்கிற இடத்தில் மணியைக் குறித்துக்கொண்டே வந்தோம். பின்னேரம் 2 மணிக்குப் பிறகு மணிக்கு ஒன்றேகால் அங்குலம் ஏறியது. அக்கா வீட்டுத் தரைக்கு இன்னும் 11 அங்குலம் இருந்தது. வகுத்துப் பார்த்தால் இரவு 11 மணி வரைக்கும் நேரம் இருப்பது போலத் தெரியும். நாங்கள் அந்தக் கணக்கை நம்பாமல் பாதியாக எடுத்துக்கொண்டோம். ஹங்வெல்லவில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் இங்கே வேகம் கூடும். இருட்டில் தண்ணீருக்குள் நடந்து சாமான் தூக்குவதும் ஆபத்து, மூடி போன கான் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வெளிச்சம் போகுமுன் எல்லாம் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஏழு மணி தாண்டியதும் ஏற்றம் உண்மையில் கூடியது.

நானாவின் பிரிட்ஜ் பெரியது, படியில் போகாது. வெள்ளத்தில் பிரிட்ஜ் மிதக்கும் என்று பலருக்குத் தெரியாது. மிதந்து கவிழ்ந்து கதவுக்குக் குறுக்கே விழுந்தால் பிறகு வீட்டைத் திறக்கவே முடியாது. அதனால் காலி செய்து, கதவைக் கட்டி, உடம்பை ஜன்னல் கிரில்லோடு கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டினோம். கம்ப்ரஸர் முழுக்க மூடி வெல்ட் பண்ணியது, உள்ளே தண்ணீர் போகாது. ஆனால் அது இன்வர்ட்டர் பிரிட்ஜ், பின்பக்கம் கீழே ஒரு போர்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டு, போனில் வயர் இருக்கிற ஒழுங்கைப் படம் எடுத்துவிட்டு, நாலு ஸ்குரூவைக் கழற்றி அந்தப் போர்டை மட்டும் மேலே கொண்டுபோனோம். பிளக்கைப் பிடுங்கிய உடனே அதில் கை வைக்கக் கூடாது, கப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். உள்ளங்கை அளவுப் போர்ட், ஆனால் அது இல்லாமல் அந்த பிரிட்ஜ் ஓடாது.

கேஸ் சிலிண்டரும் மிதக்கும், அதுவும் பாதி முடிந்திருந்தால் நிச்சயம் மிதக்கும். எல்லா வீட்டுச் சிலிண்டரையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, த்ரீவீல் அண்ணன் கொண்டுபோய் நானா வீட்டு மாடிப்படியின் கைப்பிடியில் கட்டினார். கடைசியாக ஒவ்வொரு வீட்டிலும் மெயின் சுவிட்சை அணைத்தோம். ட்ரிப் சுவிட்ச் தானாக விழும் என்று விட்டுவிடக் கூடாது. தண்ணீர் பிளக் பொயின்ட்டைத் தொட்ட பிறகு மெயினைத் தொடப் போகவே கூடாது, அந்த நேரம் தாண்டிவிட்டால் வீட்டை விட்டு வெளியே வருவதுதான் வேலை. அக்காவும் நாங்களும் மேட்டுப் பக்கம் போனோம்.

தண்ணீர் 2016 கோட்டுக்கு மேல் முக்கால் அடி போயிற்று. நாங்கள் கூட்டிய ஒரு அடிக்குள் நின்றது. மாமியின் மேசை மூழ்கியிருந்தது. லிண்டல் தட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசி வீட்டு அண்ணனின் கட்டிலும் மெத்தையும் போய்விட்டன, அதை யாராலும் தடுத்திருக்க முடியாது.

இறங்கிய பிறகு அக்காவின் கிளச் மோட்டார்தான் முதல் வேலை. மேசையைக் கவிழ்த்து, அந்த போல்டை இரும்பு வாளால் கையாலேயே அறுத்து எடுத்தேன். இரண்டு பக்க மூடியையும் திறந்தால் உள்ளே சேறு. இதைத் துடைக்கக் கூடாது, கழுவ வேண்டும். நல்ல தண்ணீரில், தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவினேன். சேறு கம்பிக்கிடையில் காய்ந்துவிட்டால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு கம்பியை எரிக்கும்.

காயவைக்கத் தகரப் பெட்டி ஒன்று. உள்ளே இரண்டு குண்டு பல்ப், மேலே ஈரம் போக ஓட்டைகள், பக்கத்தில் தெர்மோமீட்டர். 80 பாகை செல்சியஸ் அளவில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் போனால் வார்னிஷ் கெடும். தணலிலோ, நேராக அடுப்பு மேலோ வைத்துச் சிலர் கெடுத்துவிடுகிறார்கள். வெளியே காய்ந்து, உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுத் தெரியாது, கரண்ட் கசிகிறதா என்று அளக்கிற மெகர் வேண்டும். 500 வோல்ட்டில் கம்பிக்கும் உடம்புக்கும் இடையில் பார்த்தேன். கழுவியவுடன் ஏறக்குறைய பூச்சியம். சூடேறத் தொடங்கியதும் இன்னும் குறைந்தது. இதைப் பார்த்துப் பயந்து மோட்டாரைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. கம்பிக்குள் இருக்கிற ஈரம் சூட்டில் பரவுவதால் முதலில் விழத்தான் செய்யும். அப்புறம் மெதுவாக ஏறும். அரை மெகா ஓம், ஒன்று, ஐந்து. ஒரு மெகா ஓம் வந்தாலே பரவாயில்லை என்பது பொதுக் கணக்கு. நான் அந்த எண்ணோடு நிற்கமாட்டேன். ஏறி ஏறி ஓர் இடத்தில் அசையாமல் நிற்கிற வரைக்கும் விடுவேன். இது 20ஐத் தாண்டி நின்றது. வைண்டிங் செய்யத் தேவைப்படவில்லை.

ஆனால் பெயாரிங் இரண்டையும் மாற்றினேன். சேறு புகுந்த பெயாரிங் முதலில் நன்றாகத்தான் ஓடும், கொஞ்ச நாளில் இரைச்சல் போடும். கப்பாசிட்டரையும் மாற்றினேன். ஸ்டார்ட் ஆகும்போது திறந்து மூடுகிற சுவிட்சின் முனைகளை எமரித் தாளால் தேய்த்தேன். கிளச்சில் இருக்கிற கோர்க் தட்டு தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. காயவைத்துப் போட்டுப் பார்த்தால் வழுக்கியது, பெடலை மிதித்தாலும் தலை சுற்றவில்லை. புதுக் கோர்க் போட்ட பிறகுதான் சரியானது.

நானாவின் பிரிட்ஜ் கட்டிய இடத்திலேயே நின்றது. கம்ப்ரஸரின் டெர்மினல் மூடியைத் திறந்து கழுவி, சில நாட்கள் காற்றில் விட்டு, மெகரில் பார்த்த பிறகு போர்டைத் திரும்பப் பொருத்தினோம். ஓடுகிறது. ஆனால் கீழ் மூலையில் பஞ்சு போன்ற உள்காப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அந்த இடத்தில் வெளித்தகடு வியர்க்கிறது. அதைத் திருத்த வழி இல்லை, கரண்ட் கொஞ்சம் கூடத்தான் இழுக்கும்.

அக்கா இப்போது மூன்று மோட்டாரின் போல்டுகளையும் மாற்றி, கிரீஸ் பூசிப் போட்டிருக்கிறார். அதற்குரிய ஸ்பானரை மேசைக் காலிலேயே கட்டி வைத்திருக்கிறார். 2025 கோட்டையும் எல்லா வீட்டுச் சுவரிலும் குழாய் வைத்துப் போட்டுவிட்டோம், இந்த முறை பென்சிலால் அல்ல, இனாமல் பெயின்டில்.